பத்து ஊரில் நூறு வீடு: கொத்து மாதிரியில் துல்லியம் எங்கே போகிறது?

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் ஓர் ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். வடக்கே தொண்டியில் தொடங்கி, தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை வழியாக மூக்கையூர் வரை உள்ள கடலோர ஊர்களில், எத்தனை சதவீத வீடுகளுக்குக் கடல்பாசி வேலையில் இருந்து வருமானம் வருகிறது என்று தெரிய வேண்டும். நூறு வீட்டைப் பார்க்கத்தான் ஆளும் பணமும் இருக்கின்றன.

இதை இரண்டு விதமாகச் செய்யலாம். ஒன்று, எளிய சமவாய்ப்பு மாதிரி. கடற்கரை முழுவதற்கும் வீடுகளின் ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு, அதில் இருந்து குலுக்கல் முறையில் நூறு வீட்டை எடுப்பது. ஒரு வீடு திருப்பாலைக்குடியில் விழும், அடுத்தது ஏர்வாடியில், அதற்கடுத்தது தங்கச்சிமடத்தில். பட்டியல் கிடைப்பதே பெரும்பாடு, கிடைத்தாலும் பாதிப் பணம் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் போய்விடும். இன்னொன்று, கொத்து மாதிரி. முதலில் பத்து ஊரைக் குலுக்கி எடுத்து, அப்புறம் ஊருக்குப் பத்து வீட்டைக் குலுக்கி எடுப்பது. களத்தில் எல்லோரும் செய்வது இதைத்தான்.

இரண்டிலும் நூறு வீடுதான். அறிக்கையிலும் "மாதிரி அளவு: 100" என்றே எழுதுவார்கள். ஆனால் இரண்டாவது நூறு, முதல் நூறுக்குச் சமம் இல்லை. கீழே போடப்போகும் கணக்கில் அது சுமார் 22 வீட்டுக்குத்தான் சமமாக நிற்கும். மீதி 78 வீடு எங்கே போயிற்று என்று படிப்படியாகப் பார்க்கலாம். எண்கள் எல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை, எந்த ஊரின் உண்மைத் தரவும் இல்லை.

## படி 1: ஊர்வாரியாக எழுதிப் பாருங்கள்

பத்து ஊரில், பத்துப் பத்து வீட்டில் "ஆம்" என்று சொன்னவர்கள்:

```
9  8  7  6  5  2  2  1  0  0
```

மொத்தம் 40. ஆகவே மதிப்பீடு 40 சதவீதம். ஊர்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு என்று கொண்டால், இந்த 40 சரியான மதிப்பீடுதான், அதில் சாய்வு ஏதும் இல்லை. வேறு பத்து ஊர் விழுந்திருந்தால் இந்த 40 எவ்வளவு ஆடியிருக்கும் என்பதுதான் கேள்வி.

வரிசையைப் பாருங்கள். எல்லா ஊரும் நாலு, ஐந்து என்று இல்லை. சில ஊரில் ஏறக்குறைய எல்லா வீடும் பாசி வேலை, சில ஊரில் பெயருக்குக்கூட இல்லை. இந்தக் கரையைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மூழ்கி மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற பாசிகளை எடுக்கிற பெண்கள் ஒரு சில ஊர்களில் தெருத் தெருவாக இருப்பார்கள். மூங்கில் மிதவையில் பாசி வளர்ப்பதும் அப்படித்தான். ஒரு வீட்டில் தொடங்கினால் பக்கத்து வீடும் அக்கா தங்கை வீடும் சேர்ந்துகொள்ளும், வாங்குகிற வியாபாரியும் அந்த ஊருக்கே வருவார். அங்கிருந்து சற்றுத் தள்ளி விசைப்படகு ஊர் ஒன்று இருக்கும், அதைத் தாண்டினால் பனையும் கருப்பட்டியுமாக ஓர் ஊர் இருக்கும். தொழில் இங்கே வீட்டுக்கு வீடு மாறுவதில்லை, ஊருக்கு ஊர்தான் மாறுகிறது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அது உண்மை, பானை ஒன்றாக இருக்கும்வரை. இங்கே ஊருக்கு ஒரு பானை, தனித்தனி அடுப்பு. ஒரே பானையில் பத்துப் பருக்கையை நசுக்கிப் பார்ப்பதால் அடுத்த அடுப்பைப் பற்றி ஒன்றும் தெரியப்போவதில்லை.

## படி 2: திட்டப்பிழையை இரண்டு விதமாகவும் போடுங்கள்

முதலில் தவறான வழி. நூறு வீடும் தனித்தனியாகக் குலுக்கி எடுத்தவை என்று பாவித்தால், திட்டப்பிழை, அதாவது மதிப்பீடு வழக்கமாக எவ்வளவு ஆடும் என்பதன் அளவு, 0.4 × 0.6 / 100 என்பதன் வர்க்கமூலம். அது 0.049, அதாவது 4.9 சதவீதப் புள்ளி. அதை 1.96 ஆல் பெருக்கி 40 க்கு இருபுறமும் வைத்தால், 95 சதவீத இடைவெளி சுமார் 30 முதல் 50 வரை. பார்க்க அழகாக இருக்கும்.

இப்போது சரியான வழி. குலுக்கலில் முதலில் விழுந்தது ஊர். அதனால் தனித்தனி அளவீடு என்று சொல்லத்தக்கவை பத்து ஊர்ச் சராசரிகள் மட்டுமே: 0.9, 0.8, 0.7 என்று 0 வரை. ஒவ்வொன்றும் 0.4 இல் இருந்து எவ்வளவு விலகுகிறது என்று எடுத்து, வர்க்கமாக்கிக் கூட்டினால் 1.04 வரும். 9 ஆல் வகுத்தால் 0.1156. அதை ஊர்களின் எண்ணிக்கையான 10 ஆல் வகுத்தால் 0.01156. வர்க்கமூலம் 0.1075.

ஆக, உண்மையான திட்டப்பிழை 10.75 சதவீதப் புள்ளி, முதலில் வந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதோடு, நம்மிடம் பத்து ஊர்தான் இருப்பதால் இடைவெளி போடும்போது 1.96 ஆல் பெருக்கக் கூடாது. கட்டின்மைப் படி 10 − 1 = 9, அதற்கான டி மதிப்பு 2.26. பெருக்கினால் 24 வருகிறது. இடைவெளி 16 முதல் 64 வரை. "கால்வாசி வீடுகளுக்குக் கீழேதான்" என்று ஒருவர் சொன்னாலும், "பாதிக்கு மேல்" என்று இன்னொருவர் சொன்னாலும், இந்தத் தரவை வைத்து யாரையும் மறுக்க முடியாது.

வர்க்கமூலம் எடுக்கும் முன் இருந்த எண்களான பரவற்படிகளை வகுத்துப் பார்ப்போம். 0.01156 / 0.0024 = 4.8. கொத்து முறையால் பரவற்படி எத்தனை மடங்கு பெருகியது என்று சொல்லும் இந்த எண்ணுக்கு டிசைன் எஃபெக்ட் என்று பெயர். லெஸ்லி கிஷ் 1965 இல் வெளியிட்ட மாதிரியெடுப்பு நூலுக்குப் பிறகு பரவலான சொல். சூத்திரங்களில் deff என்று எழுதுவார்கள்.

## படி 3: அந்த 4.8 எங்கிருந்து வருகிறது

இதுதான் விஷயத்தின் மையம், அவசரப்படாமல் பார்க்கலாம்.

ஒரே ஊரில் எடுத்த பத்து வீட்டின் விடைகளைக் கூட்டுகிறோம். அந்தக் கூட்டுத்தொகை எவ்வளவு ஆடும்? ஒவ்வொரு வீடும் தன் பங்குக்கு ஆடும், அது 10 பங்கு. அதோடு, வீடுகள் ஜோடி ஜோடியாகச் சேர்ந்தும் ஆடும். பத்து வீட்டில் "இந்த வீட்டோடு அந்த வீடு" என்று வரிசை மாற்றி எண்ணினால் 10 × 9 = 90 ஜோடி. எளிய சமவாய்ப்பு மாதிரியில் இந்த 90 ஜோடிக்கும் பங்கு பூஜ்யம். ஒரு வீடு சராசரிக்கு மேலே போனாலும் இன்னொன்று மேலேயோ கீழேயோ போகலாம், மொத்தத்தில் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும். நூறு வீட்டின் சராசரி ஒரு வீட்டின் விடையைவிட நிலையாக நிற்பதே இந்த அடித்துக்கொள்ளலால்தான்.

ஒரே ஊர் வீடுகளில் அது நடப்பதில்லை. பாசி ஊர் விழுந்தால் பத்து வீடும் சேர்ந்து மேலே போகின்றன, பனை ஊர் விழுந்தால் சேர்ந்து கீழே இறங்குகின்றன. ஒரு ஜோடி எந்த அளவுக்குச் சேர்ந்து போகிறது என்பதை ஓர் எண்ணாகச் சொன்னால் அதுவே கொத்துக்குள் ஒட்டுறவு, கிரேக்க எழுத்தில் ρ, வாயில் "ரோ". ஒரே ஊரின் வீடுகள் முன்பின் தெரியாத வீடுகளைப் போலவே இருந்தால் ρ பூஜ்யம். ஓர் ஊரில் எல்லா வீடும் ஒரே விடை சொன்னால் 1.

நம் தரவில் ρ 0.4 வருகிறது (எப்படி என்பது அடுத்த படியில்). அப்படியானால் 90 ஜோடியும் ஆளுக்கு 0.4 பங்கு போடுகின்றன: 36. வீடுகளின் சொந்தப் பங்கு 10. மொத்தம் 46. அடித்துக்கொள்ளல் முழுமையாக நடந்திருந்தால் 10 தான் இருந்திருக்கும். 46 / 10 = 4.6. இதைப் பொதுவாக எழுதினால், ஊருக்கு m வீடு எனும்போது:

```
deff = 1 + (m − 1) × ρ
```

நூறை 4.6 ஆல் வகுத்தால் சுமார் 22. அதாவது, கடற்கரை முழுவதும் சிதறலாக எடுத்த 22 வீடு தரும் துல்லியத்தைத்தான் இந்த நூறு வீடு தருகின்றன. காணாமல் போன 78 வீடுகளின் விடையும் பொய் இல்லை. முதல் சில வீடு சொல்லிவிட்டதையே அவை திரும்பச் சொல்லின, அவ்வளவுதான்.

ρ 0.4 என்பதைக் கண்முன் கொண்டுவர இன்னொரு வழி. கடற்கரையில் எங்கோ ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் "ஆம்" வருவதற்கு 40 சதவீத வாய்ப்பு. ஆனால் ஓர் ஊரில் ஏற்கெனவே ஒரு வீடு "ஆம்" சொல்லிவிட்டது என்றால், அதே ஊரில் அடுத்த வீடும் "ஆம்" சொல்ல 0.4 + 0.4 × 0.6 = 64 சதவீத வாய்ப்பு. அந்த இரண்டாவது வீட்டில் கேட்பதற்கு முன்பே பாதி விடை கையில் இருக்கிறது.

## படி 4: ρ வைத் தரவில் இருந்து எடுப்பது

மொத்த விலகலை இரண்டாகப் பிரிக்க வேண்டும். மொத்த வர்க்கக் கூட்டு 100 × 0.4 × 0.6 = 24. இதில் ஊர்களுக்கு இடையில் உள்ளது 10 × 1.04 = 10.4. மீதி 13.6 ஊர்களுக்குள்ளே. ஊர்களுக்கு இடையில் உள்ளதை 9 ஆலும் (ஊர்கள் − 1), ஊர்களுக்குள் உள்ளதை 90 ஆலும் (வீடுகள் − ஊர்கள்) வகுத்தால் 1.156, 0.151 என்று இரண்டு எண் வரும். இவற்றை MSB, MSW என்று குறித்தால்:

```
ρ = (MSB − MSW) / (MSB + (m − 1) × MSW)
  = (1.156 − 0.151) / (1.156 + 9 × 0.151)
  = 0.40
```

சூத்திரம் 4.6 என்கிறது, நேரடியாக வகுத்தபோது 4.8 வந்தது. இரண்டும் ஒரே விஷயத்தின் மதிப்பீடுதான், பத்தே ஊர் என்பதால் வழிக்கு வழி இந்தச் சிறு வித்தியாசம் வரும். பத்து ஊரை வைத்து எடுத்த ρ வும் நன்றாக ஆடக்கூடிய எண்தான், அதன் முதல் தசமத்தைக்கூட முழுசாக நம்ப வேண்டாம். உண்மை ρ மிகச் சிறிதாக இருந்தால் மதிப்பீடு சில சமயம் எதிர்மத்தில்கூட விழும். பயப்படத் தேவையில்லை, திட்டமிடும்போது அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

## படி 5: வீட்டைக் கூட்டுவதா, ஊரைக் கூட்டுவதா?

இடைவெளி அகலமாக இருக்கிறது என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, "சரி, ஊருக்குப் பத்துக்குப் பதில் ஐம்பது வீடு பார்த்துவிடலாம்." போட்டுப் பார்ப்போம். பத்து ஊர், ஐம்பது வீடு, மொத்தம் 500. deff = 1 + 49 × 0.4 = 20.6. 500 / 20.6 = 24. ஐந்து மடங்கு வேலை செய்து 22 ஐ 24 ஆக்கியிருக்கிறோம்.

இதற்கு ஒரு கூரை உண்டு. ஊருக்கு எத்தனை வீடு பார்த்தாலும், பயனுள்ள மாதிரி அளவு, அதாவது இந்த 22, 24 போன்ற எண், "ஊர்களின் எண்ணிக்கை / ρ" என்பதைத் தாண்டாது. இங்கே 10 / 0.4 = 25. அந்தப் பத்து ஊரிலும் ஒரு வீடு விடாமல் கேட்டாலும், பார்க்காத ஊர்களைப் பற்றிய நிச்சயமின்மை அப்படியே இருக்கும்.

அதே நூறு வீட்டை 20 ஊரில், ஊருக்கு 5 வீடாகப் பிரித்தால் deff 2.6, பயனுள்ள அளவு 38. 25 ஊர், 4 வீடு என்றால் deff 2.2, பயனுள்ள அளவு 45. ஒரு வீடுகூடக் கூட்டாமல் 22 இல் இருந்து 45 வரை வந்துவிட்டோம்.

ஆனால் ஊர் என்பது இலவசம் இல்லை. புது ஊருக்குப் போனால் வண்டி, ஊர்த் தலைவரைப் பார்த்துப் பேசுவது, வீட்டுப் பட்டியல் எடுப்பது என்று ஒரு நாள் போய்விடும். ஓர் ஊரைத் திறக்க 1,200 ரூபாய், ஒரு வீட்டுக்கு 100 ரூபாய் ஆகிறது என்று கொள்வோம். செலவுக்கு ஏற்ற m க்கு ஒரு கணக்கு இருக்கிறது:

```
m = √( (ஊர்ச் செலவு / வீட்டுச் செலவு) × (1 − ρ) / ρ )
```

ρ 0.4 என்றால் 12 × 1.5 = 18, அதன் வர்க்கமூலம் 4.2. ஊருக்கு நாலு வீடு போதும். ρ 0.02 ஆக இருந்தால் அதே செலவில் m 24 வரும்.

## படி 6: ρ கேள்விக்குக் கேள்வி மாறும்

டிசைன் எஃபெக்ட் ஆய்வுக்கு ஒன்று என்று நினைப்பதுதான் நான் அதிகம் பார்க்கிற குழப்பம். அது கேள்விக்கு ஒன்று. அதே நூறு வீட்டில் "வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உண்டா?" என்று கேட்டால், பாசி ஊரானாலும் பனை ஊரானாலும் விடை வீட்டுக்கு வீடு மாறும். ρ 0.02 என்று வைத்துக்கொண்டால் deff 1.18, நூறு வீட்டில் 85 தேறும். இந்தக் கேள்விக்குக் கொத்து முறை அனேகமாக இலவசம்.

மறுகோடியில், "நேற்று உங்கள் வீட்டில் யாராவது கடலுக்குப் போனார்களா?" என்று கேளுங்கள். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் நாள் முறை வைத்துத்தான் தொழிலுக்குப் போகின்றன. ஓர் ஊரை ஒரே நாளில் பார்த்து முடித்தால், நேற்று யாருடைய முறையோ அதுவே ஊர் முழுவதின் விடை. காற்று பலமாக இருந்தால் யாருமே போயிருக்க மாட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம் வேறு. இந்தக் கேள்விக்கு ρ ஒன்றை நெருங்கும், பத்து வீடு ஒரு வீட்டுக்குச் சமம். தப்பிக்க வழி, ஓர் ஊரின் வீடுகளை வேறு வேறு நாளில் பார்ப்பது, இல்லையென்றால் "கடந்த 7 நாளில் எத்தனை நாள்" என்று கேட்பது.

ஊருக்கு ஒரே கணக்கெடுப்பாளரை அனுப்புவதும் ρ வை ஏற்றிவிடும். பாசி பொறுக்கி விற்கிற சில்லறைக் காசை ஒருவர் "வருமானம்" என்று எழுதுவார், இன்னொருவர் விட்டுவிடுவார். அந்த வழக்கம் ஊர் முழுவதும் ஒரே மாதிரி பதிவாகி, ஊரின் குணம்போல் தெரியும். ஓர் ஊரில் இரண்டு பேர் வீடுகளைப் பிரித்துக்கொண்டு கேட்டால் இது தெரியவரும்.

"டிசைன் எஃபெக்ட் 2 என்று போட்டுவிடு" என்ற வழக்கம் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் தடுப்பூசி ஆய்வுகளில் 30 கொத்து, கொத்துக்கு 7 பிள்ளை என்று ஒரு முறை பரவலாக இருந்தது. எளிய சமவாய்ப்பு மாதிரியில் பத்து சதவீதப் புள்ளித் துல்லியத்துக்கு 96 பிள்ளைகள் போதும், deff 2 என்று கொண்டு இரட்டித்தால் 192, அதைக் கொத்துக்களுக்குப் பகிர்ந்தால் 210. அந்த 2 க்குள்ளே m 7 ஆகவும் ρ சுமார் 0.17 ஆகவும் ஒளிந்திருக்கின்றன. m ஐ 20 ஆக மாற்றிவிட்டு 2 ஐ மட்டும் அப்படியே வைத்துக்கொள்வதற்கு நியாயமே இல்லை. அதே ρ வுக்கு அப்போது deff 4.2.

## படி 7: இழந்ததைக் கொஞ்சம் மீட்பது

ஊர்களைப் பற்றி முன்கூட்டியே தெரிந்த ஒன்றைப் பயன்படுத்தி அடுக்குகளாகப் பிரித்துவிட்டு, ஒவ்வோர் அடுக்கிலும் தனியாகக் குலுக்கலாம். இங்கே "பாசி வேலை மிகுந்த ஊர்கள்", "குறைந்த ஊர்கள்" என்று இரண்டு அடுக்கு. நம் பத்து ஊரில் முதல் ஐந்து ஒன்றிலும் மீதி ஐந்து இன்னொன்றிலும் சரியாக விழுந்தன, இரண்டு அடுக்கும் சம அளவு என்று கொண்டால், திட்டப்பிழை 10.75 இல் இருந்து 4.2 ஆக இறங்கிவிடும். எளிய சமவாய்ப்பு மாதிரியின் 4.9 ஐவிடவும் குறைவு!

இந்த எண்ணை முழுசாக நம்பாதீர்கள். விடையைப் பார்த்த பிறகு நான் பிரித்த அடுக்கு இது, அதனால்தான் இவ்வளவு கச்சிதம். நிஜத்தில் மீனவர் சங்கத்திலோ, பாசி வாங்கும் வியாபாரிகளிடமோ முன்பே கேட்டுப் பிரிக்க வேண்டும், ஓரிரு ஊர் தப்பான அடுக்கில்தான் விழும். அப்படி விழுந்தாலும் லாபம் மிஞ்சும், ஏனென்றால் ρ வை ஏற்றுவது அடுக்குகளுக்கு இடையே உள்ள வித்தியாசம், அதை நாம் குலுக்கலில் இருந்தே எடுத்துவிட்டோம்.

## படி 8: கணினிக்கு ஊரைச் சொல்லுங்கள்

சாதாரண சராசரிக் கட்டளைகளுக்கு ஊர் தெரியாது, அவை 4.9 ஐத்தான் காட்டும். R இல் survey தொகுப்பை வைத்து நம் கணக்கைச் சரிபார்க்கலாம்:

```r
library(survey)
k <- c(9,8,7,6,5,2,2,1,0,0)
d <- data.frame(
  ur   = rep(1:10, each = 10),
  pasi = unlist(lapply(k, function(x) rep(c(1,0), c(x, 10-x)))),
  w    = 1)
des <- svydesign(ids = ~ur, weights = ~w, data = d)
svymean(~pasi, des, deff = "replace")
```

சராசரி 0.4, திட்டப்பிழை 0.1075, deff சுமார் 4.8 என்று வரும். ids = ~ur என்பதை ids = ~1 என்று மாற்றி ஓட்டினால் திட்டப்பிழை 0.049 க்கு இறங்கிவிடும். யாராவது ஓர் அறிக்கையில் பத்துப் பன்னிரண்டு ஊரை வைத்துக்கொண்டு சந்தேகத்துக்கு இடமாக மெலிந்த இடைவெளி காட்டினால், பெரும்பாலும் நடந்தது இதுதான்.

எங்கள் உதாரணத்தில் எல்லா ஊருக்கும் எடை ஒன்று. நிஜத்தில் பாம்பன் மாதிரிப் பெரிய ஊரும் முப்பது வீட்டுக் குப்பமும் ஒரே பட்டியலில் இருக்கும். அப்போது வீட்டு எண்ணிக்கைக்கு ஏற்ற வாய்ப்பில் ஊரைக் குலுக்கி, ஊருக்கு ஒரே எண்ணிக்கையில் வீடு எடுத்தால் எடைகள் சமமாகவே நிற்கும். எப்படி எடுத்தாலும், தரவுக் கோப்பை அடுத்தவருக்குக் கொடுக்கும்போது ஊர் எண், அடுக்கு எண், எடை என்ற மூன்று பத்தியையும் சேர்த்துக் கொடுங்கள். ரகசியம் காக்க வேண்டும் என்றால் ஊரின் பெயரை எடுத்துவிட்டு வெறும் எண்ணை வையுங்கள். அந்த எண்ணும் போய்விட்டால் ρ வைக் கணக்கிட யாராலும் முடியாது.